ஸ்விட்ச் 2 தொகுப்பு 600 டாலர்: உண்மையிலேயே லாபமா?

நித்யா_டல்லாஸ்:
பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கலாம் என்றிருக்கிறோம். இணையக் கடை ஒன்றில் 600 டாலருக்கு ஒரு தொகுப்பு இருக்கிறது: கன்சோல், மரியோ கார்ட் வேர்ல்ட், 256 ஜிபி மெமரி கார்டு, பை, திரைக் கண்ணாடி, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டீயரிங். தனித்தனியாக வாங்கினால் 700 ஆகுமாம், 100 மிச்சம் என்கிறார்கள். நம்பலாமா?

குமரன்77:
கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்க. தொகுப்பில் கேம் எப்போதும் மலிவுதான்.

பழைய_கார்ட்ரிட்ஜ்:
கேம் வரைக்கும் குமரன் சொல்வது சரி. 2025 ஜூனில் வெளியானபோது கன்சோல் மட்டும் 450, மரியோ கார்ட் சேர்த்து 500. தனியே அந்த கேம் 80. ஆனால் அந்த 30 டாலர் மிச்சம் நின்டெண்டோவே போட்ட தொகுப்பில் வந்தது. இந்தக் கடை அதன் மேல் இன்னும் 100 வாங்குகிறது. அந்த நூறுக்கு என்ன தருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

முதலில் மெமரி கார்டு. ஸ்விட்ச் 2-இல் கேம் பதிய மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். சாதாரணக் கார்டைப் போட்டால் பழைய ஸ்விட்சில் எடுத்த படம், வீடியோவைப் பார்க்கலாம், அவ்வளவுதான். கார்டின் முகத்தில் EX என்று இருக்கிறதா?

நித்யா_டல்லாஸ்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அண்ணா. EX இல்லை. பெட்டியிலும் எக்ஸ்பிரஸ் என்று எங்கும் போடவில்லை.

பழைய_கார்ட்ரிட்ஜ்:
அப்படியானால் உங்களுக்கு அதன் மதிப்பு பூஜ்யம். ஸ்டீயரிங் வெறும் கூடுதான், ஜாய்கானை அதற்குள் செருக வேண்டும். அது இல்லாமலே கன்சோலோடு வரும் இரண்டு ஜாய்கானையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இருவரும் ஓட்டலாம். மிஞ்சுவது பையும் கண்ணாடியும். வெளியே 30 டாலருக்குள் வாங்கிவிடலாம். 500-உம் 30-உம் 530. பிறகு இடம் போதாமல் 256 ஜிபி எக்ஸ்பிரஸ் கார்டு வாங்கினாலும் இன்னொரு 60, மொத்தம் 590. உள்ளேயே 256 ஜிபி இருப்பதால் அது இப்போதைக்குத் தேவைப்படாது.

செந்தில்_கோவை:
எனக்கும் இதே குழப்பம். பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனோடு இரண்டு கேம் டிஸ்க் தருகிறார்கள். வாங்கலாமா?

பழைய_கார்ட்ரிட்ஜ்:
டிஜிட்டலில் டிஸ்க் போட இடமே கிடையாது தம்பி. ஸ்லிம் மாடல் என்றால் டிரைவைத் தனியே வாங்கி மாட்டலாம். அந்த விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

மீனா_ரீசேல்:
நித்யா, நின்டெண்டோ தொகுப்பில் வருவது டவுன்லோட் கேம். விற்க முடியாது. கார்ட்ரிட்ஜாக 80-க்கு வாங்கி, அலுத்ததும் 50-க்கு விற்றால் செலவு 30தான். தொகுப்பில் அதற்கு 50 கொடுக்கிறீர்கள்.

குமரன்77:
மரியோ கார்டை யாருங்க விற்பாங்க? வருஷக்கணக்கில் ஓடும்.

மீனா_ரீசேல்:
உங்கள் வீட்டில் ஓடலாம். எங்கள் வீட்டில் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

நித்யா_டல்லாஸ்:
அந்த 600 தொகுப்பு வேண்டாம், சரி. கார்ட்ரிட்ஜா டவுன்லோடா என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.