காவ்யா கல்யாண வீடியோ கனடாவில் ஓடவில்லை

[நம்ம குடும்பம் குழு]

ராஜி அத்தை (டொராண்டோ): காவ்யா, லிங்கைத் தொட்டால் இந்த நாட்டில் பார்க்க முடியாது என்று வருகிறது. கல்யாணத்துக்குத்தான் வர முடியவில்லை, வீடியோவும் இல்லையா?

காவ்யா: இங்கே ஓடுகிறதே அத்தை 😟 வீடியோவில் போட்ட பாட்டுக்கு உரிமைக்கோரல் என்று யூடியூபிலிருந்து வந்திருக்கிறது.

முரளி மாமா: கல்யாணத்தில் பாட்டுப் போடச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தைரியமாக இரு.

செந்தில்: மாமா, 1957 பதிப்புரிமைச் சட்டம் 52வது பிரிவில் அந்த விலக்கு உண்மைதான். ஆனால் அது மண்டபத்தில், ஊர்வலத்தில் பாட்டு ஒலிப்பதற்கு. பாட்டை வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். அதற்கு இசை, வரிகளின் உரிமை ஒரு பக்கம், ஒலிப்பதிவின் உரிமை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

முரளி மாமா: 30 விநாடி வரை போடலாம் என்றார்களே?

செந்தில்: அப்படி ஒரு கணக்கே இல்லை மாமா.

மாலா சித்தி: எங்கள் ரிசப்ஷனில் கச்சேரிக்காரர் முன்பணம் வாங்கிவிட்டு வரவே இல்லை. அதற்கு என்ன சட்டம்?

செந்தில்: அது வேறு சித்தி 🙏

காவ்யா: சேனலை மூடிவிடுவார்களா?

செந்தில்: இல்லை. உனக்கு வந்திருப்பது, யூடியூப் தானாகப் பாட்டைக் கண்டுபிடிக்கும் Content ID முறையில் வந்த உரிமைக்கோரல். விதிமீறலுக்கு விழும் ஸ்டிரைக் இல்லை. 90 நாளில் மூன்று ஸ்டிரைக் விழுந்தால்தான் சேனல் போகும். உரிமைக்கோரல் வந்தால் பாட்டின் உரிமையாளர் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சில நாடுகளில் தடுக்கலாம். அத்தைக்கு நடந்தது அதுதான்.

காவ்யா: யூடியூப் Studio-வில் அந்தப் பாட்டு 4:10 முதல் 7:35 வரை என்று காட்டுகிறது.

ராஜி அத்தை (டொராண்டோ): தாலி கட்டுகிற இடமா?

காவ்யா: ஆமாம். பாட்டி ஆசீர்வாதம் பண்ணிப் பேசுவதும் அதில்தான்.

செந்தில்: அப்படியானால் ஒலி முழுவதையும் அணைக்காதே, பாட்டி குரலும் போய்விடும். அங்கே இருக்கிற Erase song வசதி பாட்டை மட்டும் எடுக்கப் பார்க்கும், பேச்சோடு கலந்திருந்தால் சுத்தமாக வராது. எடிட்டரிடம் பாட்டு இல்லாமல், அங்கே பதிவான ஒலியோடு திரும்ப எடுத்துத் தரச் சொல். புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், லிங்க் மாறும்.

முரளி மாமா: லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி மாற்றினால்?

செந்தில்: அதையும் சோதிப்பார்கள்.

காவ்யா: நாதஸ்வரம் இருக்கிறதே, அது பரவாயில்லையா?

செந்தில்: தியாகராஜர் கீர்த்தனை என்றால் கவலை இல்லை. அவர் மறைந்தது 1847. நம் மண்டபத்தில் வாசித்ததையே போடு, யாரோ வெளியிட்ட பதிவை எடுக்காதே. ஆனால் அன்றைக்கு நடுவில் ஒரு சினிமாப் பாட்டும் வாசித்தார்கள். மெட்டை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.

மாலா சித்தி: அதைக் கேட்டு வாங்கியதே முரளி அண்ணன்தான் 😄

முரளி மாமா: மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள்!

காவ்யா: எடிட்டர் ஆல்பமே இன்னும் தரவில்லை. பாக்கி கொடுத்தால்தான் என்கிறார்.

முரளி மாமா: பாக்கி யார் பொறுப்பு என்று அன்றே பேசியாயிற்று.

மாலா சித்தி: எங்கே பேசினோம்?

ராஜி அத்தை (டொராண்டோ): அதை அப்புறம் பாருங்கள். பாட்டி பேசுவதை மட்டும் வெட்டி இங்கே போடு காவ்யா.

காவ்யா: பென்டிரைவ் அம்மாவிடம் இருக்கிறது அத்தை. இரவு பார்க்கிறேன்.