லாரி யார்டுத் தளம்: ஒரு பேவுக்கு எத்தனை டவல், எவ்வளவு சீலண்ட்?

நாமக்கல் யார்டுக்காரர்

எங்கள் லாரி யார்டுக்கு கான்கிரீட் தளம் போட்டு முடித்திருக்கிறோம். நீளம் 36 மீட்டர், அகலம் 27 மீட்டர், கனம் 200 மில்லி. லோடு ஏற்றிய டாரஸ் வண்டிகள் வந்து திரும்பும் இடம். இதே வேலையை எடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 4.5 மீட்டர் சதுரமாகப் பிரித்தால் நீளத்தில் 8, அகலத்தில் 6, மொத்தம் 48 பே. கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனில் ஒரு பேவுக்கு நான்கு பக்கமும் சேர்த்து, பக்கத்து பேவோடு இணைக்கும் டவல் கம்பி 56, ஜாயின்டை அடைக்கும் சீலண்ட் 18 மீட்டர் என்று போட்டு, அதை அப்படியே 48-ஆல் பெருக்கியிருந்தார்கள். 2,688 டவல், 864 மீட்டர் சீலண்ட். சிவில் படிக்கும் என் மகள்தான் தாளில் கட்டம் போட்டுக் காட்டினாள். ஒரு ஜாயின்ட் இரண்டு பேவுக்கும் பொது. வெளி ஓரத்தில் டவலே கிடையாது. குறுக்கே 7 ஜாயின்ட், ஒவ்வொன்றும் 27 மீட்டர். நெடுக 5 ஜாயின்ட், ஒவ்வொன்றும் 36 மீட்டர். கூட்டினால் 369 மீட்டர்தான். ஒரு பேவின் ஒரு பக்கத்துக்கு, மூலையிலிருந்து 300 மில்லி விட்டு, 300-க்கு ஒன்றாக வைத்தால் 14 கம்பி. அப்படி உள்ளே 82 பக்கங்கள். ஆக 1,148 கம்பி. கொட்டேஷனில் இருந்ததில் பாதிகூட வரவில்லை. 25 மில்லி கம்பி, 450 மில்லி நீளம் என்றால் ஒன்று 1.73 கிலோ. வித்தியாசம் மட்டுமே இரண்டரை டன்னுக்கு மேல். தாளைக் காட்டியதும் அவர்களே திருத்திக் கொடுத்தார்கள்.

அடுத்தது விரிசல். 4.5 மீட்டர் அகலத்துக்கு ஒவ்வொரு பட்டையாகப் போட்டார்கள். முதல் பட்டையில் ஜாயின்டுக்காகக் குறுக்கே 7 வெட்டு. சில நாளில் அதில் மூன்று வெட்டுக்குப் பக்கத்தில், சரியாக ஒரு சாண் தள்ளி, வெட்டுக்கு இணையாகவே விரிசல் ஓடியது. வெட்டு அப்படியே சும்மா இருக்கிறது, பக்கத்தில் பிளந்திருக்கிறது. ஒரு இடத்தில் ஓரத்தைக் கொத்திப் பார்த்தோம். டவல் என்று வைத்திருந்தது முறுக்குக் கம்பி, உறை எதுவும் இல்லை. மீதி ஐந்து பட்டைக்கும் வழவழப்பான உருண்டைக் கம்பி கேட்டு வாங்கி வைத்தோம். அவற்றில் இதுவரை அப்படி விரிசல் இல்லை. முதல் பட்டையை என்ன செய்வது என்பதுதான் இப்போது என் கேள்வி.

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், திருச்சி

தம்பி, விரிசல் ஒரு சாண் தள்ளி வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே காரணம் இருக்கிறது. 450 மில்லி கம்பியில் பாதி 225 மில்லி. கம்பி முடிகிற இடத்தில்தான் பிளந்திருக்கிறது.

கான்கிரீட் காயும்போதும் குளிரும்போதும் சுருங்கும். 4.5 மீட்டர் பே 30 டிகிரி குளிர்ந்தால் சுமார் 1.35 மில்லி குறையும், காய்கிற சுருக்கம் தனி. அந்த அசைவு வெட்டுக்குக் கீழே திறக்க வேண்டும். டவல் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: சக்கரம் ஒரு பேவிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது பாரத்தைப் பகிர்வது. நெடுக்கில் அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முறுக்குக் கம்பி இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்ததால் அந்த ஜாயின்ட் திறக்கவில்லை. கம்பி முடிந்த இடம்தான் பலவீனம், அங்கே பிளந்தது.

வழவழப்பான கம்பியும் சாய்ந்து இருந்தால் இதே கதைதான். ஒன்று மேலே பார்த்து, இன்னொன்று பக்கவாட்டில் பார்த்து நின்றால் இரண்டும் சேர்ந்து பூட்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால் கம்பிகளைக் கூடு மாதிரி வெல்டு செய்த ஸ்டாண்டில் வைத்து, ஸ்டாண்டை அடித்தளத்தில் ஆணி அடித்து நிறுத்தச் சொல்வேன். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன் மேல் மிதித்தால் எல்லாம் போச்சு. ஸ்டாண்டின் நடு எங்கே என்று பட்டையின் ஓரத்தில் அடைப்பாக நிறுத்தும் சேனலில் பெயின்ட் குறி வைத்துவிடுங்கள். வெட்டுகிறவர் அந்தக் குறியில் வெட்ட வேண்டும், நூல் பிடித்த கணக்கில் அல்ல.

மேஸ்திரி, ஈரோடு

ஐயா சொல்வது சரிதான். நாங்கள் எப்போதும் கம்பியின் ஒரு பாதியை வயரிங் பைப்பில் சொருகி வைப்போம், நன்றாகவே வழுக்கும். கிரீஸும் தடவுவோம். அப்புறம், 36 மீட்டர் நீளத்துக்கு 12 மீட்டருக்கு ஒரு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் விடாமல் போட்டிருக்கிறீர்களே, வெயில் காலத்தில் தளம் மேலே எழும்பிவிடும் அண்ணே. அதையும் பாருங்கள்.

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், திருச்சி

மேஸ்திரி, ஒரு பாதியை ஒட்டாமல் விடுவது சரி. வயரிங் பைப் வேண்டாம். அது கம்பியை விடப் பெரிசு, உள்ளே இடைவெளி இருக்கும். லாரி ஏறும்போது கம்பி அந்த இடைவெளி அளவுக்கு ஆடின பிறகுதான் பாரத்தை வாங்கும். நாளடைவில் ஜாயின்ட் ஓரம் உடையும், வண்டி ஏறும்போது தட்டுவது காதில் கேட்கும். கம்பியோடு இறுக்கமாக ஒட்டி நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத்தான் போட வேண்டும். கிரீஸும் லேசாகத் தடவலாம், கட்டியாக அப்பினால் அதுவும் இடைவெளிதான்.

எக்ஸ்பான்ஷன் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். 4.5 மீட்டருக்கு ஒரு வெட்டு இருந்து, அது சுருங்கித் திறந்தால், விரிய இடம் அதிலேயே கிடைத்துவிடும். நடுவில் 20 மில்லி இடைவெளி விட்டால் பக்கத்து வெட்டுகள் எல்லாம் நாளடைவில் அந்தப் பக்கம் நகர்ந்து அகலமாகும், சீலண்ட் கிழியும். கட்டடச் சுவர், தூண், மேன்ஹோல் ஆகியவற்றைச் சுற்றி மட்டும் பலகை வைத்துப் பிரித்தால் போதும்.

மேஸ்திரி, ஈரோடு

நான் போட்ட ஒரு ரைஸ் மில் களத்தில் நடுவில் எழும்பி உடைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் ஐயா. அதனால் நான் விடாமல் போட மாட்டேன்.

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், திருச்சி

வெட்டுக்குள் மண்ணும் நெல்லும் உமியும் இறங்கி அடைத்திருந்ததா? சீல் செய்யாத ஜாயின்டில் கல் மாதிரி இறுகிவிட்டால் விரிய இடம் இருக்காது, அப்போது எழும்பும். அந்தக் களத்தில் சீலண்ட் இருந்ததா என்று சொல்லுங்கள்.

கார் போர்டிகோ

எங்கள் வீட்டு போர்டிகோவில் டைல்ஸுக்கு நடுவில் கோடு கோடாக விரிசல் விடுகிறது. அங்கேயும் டவல் வைத்திருக்க வேண்டுமா? 3 மீட்டருக்கு 4 மீட்டர் இடம், ஒரு கார்தான் நிற்கும்.

சீலண்ட் போடுபவர், எண்ணூர்

போர்டிகோ சார், அந்த அளவுக்கு டவல் தேவையில்லை. டைல்ஸுக்குக் கீழே தளம் பிளந்ததா, டைல்ஸ் மட்டும் பிரிந்ததா என்று தட்டிப் பாருங்கள். பொத்துச் சத்தம் வந்தால் ஒட்டுதான் விட்டிருக்கிறது.

யார்டுக்காரர் அண்ணனின் 369 மீட்டருக்கு வருகிறேன். 10 மில்லி அகலம், 10 மில்லி ஆழம் என்றால் மீட்டருக்கு 0.1 லிட்டர். மொத்தம் 36.9 லிட்டர், சேதாரத்தோடு 42 வாங்கலாம். நடுவில் இருக்கும் ஒரு பேவுக்கு 0.9 லிட்டர்தான், ஏனென்றால் அதன் பங்கு 9 மீட்டர். பக்கத்து பேவோடு பாதி பாதி. சுவர் ஓரமும் சீல் செய்கிறீர்கள் என்றால் அதற்குத் தனியாக அளவெடுங்கள்.

இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் அடியில் பேக்கர் ராட் போட்டிருக்க வேண்டும். 10 மில்லி ஜாயின்டுக்கு 12 அல்லது 13 மில்லி ஃபோம் கயிற்றை அழுத்திச் சொருகி, மேலே சீலண்டுக்கான ஆழத்தை மட்டும் விட வேண்டும். ராட் இல்லாமல் ஊற்றினால் 20 மில்லி ஆழத்துக்கு இறங்கி இரட்டிப்புச் செலவாகும். அதைவிட மோசம், சீலண்ட் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். மூன்று பக்கமும் பிடித்தால் ஜாயின்ட் திறக்கும்போது நீளாமல் நடுவில் கிழியும். இரண்டு சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும்.

நிறைய இடத்தில் எங்களை அவசரப்படுத்துவார்கள். முதல் வெட்டு மெலிசாக, கனத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது உங்கள் தளத்துக்கு 50 முதல் 65 மில்லி ஆழத்துக்குப் போட்டிருப்பார்கள். அந்த வெட்டையே அகலப்படுத்தித்தான் சீலண்டுக்கு இடம் எடுப்போம். வெட்டும்போது வந்த சிமென்ட் பால் காய்ந்து சுவரில் மாவாக ஒட்டியிருக்கும். அதைத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஏர் அடித்து, விரலால் தேய்த்தால் தூசி வரக்கூடாது. மாவு மேல் போட்ட சீலண்ட் தோலாக உரிந்து வரும். மேல் மட்டமும் தளத்துக்கு 3 மில்லி கீழே நிற்கட்டும், இல்லையென்றால் வெயிலில் பிதுங்கி டயர் இழுத்துக்கொண்டு போகும்.

லாரி யார்டு என்பதால் இன்னொன்று. டீசல், ஆயில் சொட்டும் இடத்தில் தார் வகையை ஊற்றாதீர்கள், கரைந்து ஓடும். அங்கே நான் பாலிசல்ஃபைடுதான் போடுவேன்.

நாமக்கல் யார்டுக்காரர்

நன்றி. எங்கள் ஆட்கள் ராட் இல்லாமல்தான் ஆரம்பித்தார்கள், சீலண்ட் பாதி ஜாயின்டிலேயே தீர்ந்து போனதும் நிறுத்திவிட்டோம். ஐயா, முதல் பட்டையைப் பற்றிக் கேட்டேனே. ஒரு பக்கம் அடுத்த பட்டை போட்டாகிவிட்டது. இனி எப்படித் தெரிந்துகொள்வது, மீதி நான்கு வெட்டும் கீழே பிளந்திருக்கிறதா என்று?

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், திருச்சி

சேனலைக் கழற்றினதும் பட்டையின் பக்கவாட்டு முகம் தெரியும் அல்லவா, அங்கேதான் பார்க்க வேண்டும். வெட்டின் அடியிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு தரை வரை இறங்கியிருந்தால் அந்த ஜாயின்ட் வேலை செய்கிறது. கோடு இல்லாவிட்டால் வெட்டு லேட்டாகியிருக்கும், அல்லது கம்பி பிடித்திருக்கும். உங்களுக்கு இன்னும் வெளி ஓரம் திறந்திருக்கிறது, அதில் ஏழு வெட்டையும் பாருங்கள். வெட்டும் நேரமும் முக்கியம். ஓரம் பெயராமல் கட்டர் ஓடும் நிலைக்கு வந்ததும் தொடங்கிவிட வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் காலையில் போட்ட கான்கிரீட்டை மறுநாள் வெட்டுவது தாமதம்.

பிளந்த மூன்று இடத்தில் என் யோசனை: புது விரிசல்தான் இனி ஜாயின்ட். அதைக் கோடு பிடித்து அகலப்படுத்தி, ராட் வைத்து சீல் செய்யுங்கள். பழைய வெட்டில் எபாக்ஸி ஊற்றி மூடிவிடலாம். ஆனால் புது விரிசலில் டவல் இல்லை, ஜல்லியின் கடிப்பு மட்டும்தான் பாரத்தைத் தாங்கும். விரிசல் அகலமானால் அதுவும் போகும்.

சீலண்ட் போடுபவர், எண்ணூர்

எனக்கு அதில் உடன்பாடு இல்லை ஐயா. லோடு வண்டி திரும்பும் இடம் என்றால் அந்த மூன்று இடத்திலும் ஒரு மீட்டர் அகலத்தை முழு ஆழத்துக்கு அறுத்து எடுத்து, இரண்டு பக்கமும் துளை போட்டுப் புது டவல் வைத்து ஊற்றிவிடலாம். ஒரு கன்டெய்னர் யார்டில் விரிசலை மட்டும் சீல் செய்தோம், வண்டி ஓடி ஓடி ஓரம் நொறுங்கி, கடைசியில் அறுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், திருச்சி

வண்டி எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. விரிசலின் இரண்டு பக்கமும் நேர்சட்டத்தை வைத்து மட்டம் பாருங்கள். லோடு லாரி மெதுவாகத் தாண்டும்போது ஒரு பக்கம் மட்டும் அமுங்குவது தெரிந்தால் தம்பி சொல்வது போல அறுத்துவிடுங்கள். அமுங்காவிட்டால் சீல் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பார்க்கலாம்.

எனக்கு இன்னொரு கவலை இருக்கிறது. நெடுக்கு ஜாயின்டிலும் உருண்டை டவல் வைத்திருக்கிறீர்கள். முதல் பட்டை ஏற்கெனவே ஓரளவு சுருங்கியிருக்கும், அடுத்து போட்ட பட்டை நீளவாக்கில் இனிமேல்தான் சுருங்கும். நடுவில் இருக்கும் கம்பிகள் அதை அப்படி நகர விடாது. அந்த இடத்தில் பக்கவாட்டில் கொஞ்சம் இடம் கொடுக்கும் பிளேட் டவல் வந்திருக்கிறது. இரண்டு பட்டையையும் விலகாமல் பிடித்து வைக்கும் டை பார் போதும் என்பவர்களும் உண்டு. நான் பார்த்த யார்டுகளில் இரண்டு விதமும் நன்றாக இருந்ததும் உண்டு, கெட்டதும் உண்டு.

நாமக்கல் யார்டுக்காரர்

காலையில் வெளி ஓரத்தைப் பார்த்தேன். மீதி நான்கு வெட்டில் மூன்றில் கோடு இறங்கியிருக்கிறது. ஒன்றில் எதுவும் தெரியவில்லை, அது கேட்டுக்கு நேராக வண்டி திரும்பும் பே. பக்கத்தில் விரிசலும் இல்லை. அதைச் சீல் செய்யாமல் வைத்திருக்கிறேன்.

மேஸ்திரி, ஈரோடு

ரைஸ் மில் களத்தில் சீலண்ட் போடவில்லை ஐயா. ஜாயின்டில் கம்பியை விட்டுக் கிளறினால் உமி கட்டிக் கட்டியாக வருகிறது.