சங்கக் கணக்கு ஷீட்: ஒரே வரவை ரெண்டாப் பிரிச்சு எழுதலாமோ?

வணக்கம். லண்டனில இருக்கிற எங்கட ஊர்ச் சங்கத்தின்ர கூகுள் ஷீட்டை திருகோணமலையில இருந்து நான்தான் பார்க்கிறன். அங்க எல்லாருக்கும் வேலை, எனக்கு ஓய்வூதியம்!

17ஆம் நம்பர் அங்கத்தவர் சந்தா 60 பவுண், பொங்கல் விழாவுக்கு 50, மொத்தம் 110 கட்டவேணும். 90ஐ ஒரேயடியா வங்கியில போட்டிட்டார். நான் அதை "சந்தா" எண்டு ஒரு வரியில பதிஞ்சன். இப்ப சந்தாவில 30 கூட, விழாவில 50 பாக்கி எண்டு காட்டுது. உண்மையில பாக்கி 20தான். அவருக்கு நினைவூட்டலும் போய், மனுசனுக்குக் கோபம்.

சந்தா நிரலில இருக்கிற சூத்திரம்:

```
=SUMIFS(Payments!D:D,Payments!B:B,A2,Payments!C:C,"சந்தா")
```

B அங்கத்தவர் நம்பர், C நோக்கம், D தொகை.

60, 30 எண்டு ரெண்டு வரியாப் பிரிச்சால் நிலை சரியாகுது. ஆனால் வங்கிக் கூற்றில 90 ஒரே வரவு, பொருளாளர் ஒப்பிடேக்க குழம்புறார். E நிரலில ஒரே வரவு நம்பரை ரெண்டு வரிக்கும் போட்டு, அந்த நம்பரால கூட்டிப் பார்த்தால் 90 வருமெண்டு நினைக்கிறன்.

இப்பிடிச் செய்த ஆக்கள் இருக்கிறீங்களோ? அவர் பிறகு 20 அனுப்பேக்க அதுக்குப் புது வரவு நம்பரோ, பழசோ?