புதுப்பிப்பு: திட்ட நிறைவு அறிக்கை கையெழுத்தாகிவிட்டது

என் கேள்வி: "20 வாரத் திட்டம் 26 வாரத்தில் முடிந்தது. நடுவில் 4 வாரம் அனுமதியோடு கூட்டினார்கள். அறிக்கையில் தாமதம் 6 வாரமா, 2 வாரமா?"

எல்லோருக்கும் நன்றி. மூன்று நெடுவரிசை யோசனைதான் கைகொடுத்தது: முதல் திட்டம், கடைசியாக அனுமதித்த திட்டம், நடந்தது. அந்த 4 வாரத்துக்கு எதிரே மாற்றக் கோரிக்கையின் எண்ணை எழுதினேன். கேள்வி மீதி 2 வாரத்துக்கு மட்டுமே வந்தது. "கடைசித் திட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்" என்றவர் பாதி சரி. ஆனால் முதல் மதிப்பீடு தவறியது அதில் மறைந்துபோகும்.

அறிக்கையின் படிப்பினைகள் பகுதியில் "தகவல் பரிமாற்றம் போதவில்லை" என்பதை அடித்துவிட்டு, "பழைய தரவைச் சோதனைக்கு முன் சரிபார்க்கவில்லை, 2 வாரம் போனது" என்று எழுதினேன்.

எதிர்பாராதது: முடியாத வேலைகள் மூன்று. அவற்றுக்குப் பொறுப்பாளராக எங்கள் ஆட்களையே போட்டிருந்தேன். திட்டம் முடிந்ததும் எங்கள் குழுதான் கலைகிறதே! கையெழுத்து அங்கேயே நின்றது. இரண்டைப் பராமரிப்புப் பிரிவு தேதியோடு ஏற்றுக்கொண்டது. அப்புறம்தான் கையெழுத்து வந்தது. மூன்றாவதற்கு, "பொறுப்பு முடிவாகவில்லை" என்று எழுதி, முடிவெடுக்க வேண்டிய மேலாளரின் பதவியைக் குறித்திருக்கிறேன். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.