ரோம் லேண்ட்லைனுக்குப் போன் போகவில்லை: எந்த நாடுகளுக்கு முன்சுழியத்தை வெட்டாமல் வைக்க வேண்டும்?

அமெரிக்க அலுவலகம், ஆஸ்டரிஸ்க் பிபிஎக்ஸ். லண்டனுக்கு 9 011 44 20 என அழுத்தினால் உடனே மணி அடிக்கிறது. ரோமுக்கு 9 011 39 06 என்று அழுத்தினால் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற அறிவிப்புதான்.

செல்போனில் +39 06 என்று அதே எண்ணைப் போட்டால் இணைப்பு கிடைக்கிறது. எண் சரி, வெளிநாட்டு அழைப்புக்கும் தடை இல்லை. லாகில் பார்த்தால் வெளியே போவது +396. +44 (0)20 என்று சேமித்த எண்களுக்காகப் போட்ட பழைய விதி, நாட்டுக் குறியீட்டை அடுத்து வரும் சுழியத்தை வெட்டிவிடுகிறது. பிரிட்டனில் அந்தச் சுழியம் உள்நாட்டு அழைப்புக்கு மட்டும். இத்தாலியிலோ 1998 முதல் அது எண்ணின் பகுதி. விதியையே தூக்கினால் லண்டன் எண்கள் கெடுகின்றன, அதனால் நாடுவாரியாக விலக்கு எழுதுகிறேன். 39-ஐயும், 0549 என்று தொடங்கும் சான் மரினோவின் 378-ஐயும் சேர்த்தாயிற்று.

சுழியத்தோடேயே அழைக்க வேண்டிய நாடுகள் வேறு எவை?