புதுப்பிப்பு: நோவாவின் பேழை விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்தது

நான் கேட்டிருந்தது: "5 முதல் 12 வயது வரை 40 பிள்ளைகள், ஐந்து நாளும் நோவா கதைதான், கைவேலையை அரைமணியில் எப்படி முடிப்பது?"

எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது தூத்துக்குடி அக்கா சொன்ன வழிதான்: தினம் புதுப் பொருள் செய்யாமல், ஒரே பேழையை ஐந்து நாளும் வளர்ப்பது. முதல் நாள் அட்டைப்பெட்டியில் பேழை, அடுத்து ஜோடி மிருகங்கள், மூன்றாம் நாள் நீலத்தாளில் வெள்ளம், அப்புறம் ஒலிவ இலையோடு புறா, கடைசியில் வானவில். முந்தின நாள் ஒட்டியது ராத்திரியே காய்ந்துவிடுவதால் ஈரப்பசையில் எதுவும் நழுவவில்லை. வெட்டும் வேலையைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்து, சின்னவர்களை வண்ணம் தீட்ட விட்டோம்.

வயதுவாரியாகப் பிரிக்கச் சொன்ன அண்ணனின் யோசனை கதைக்குச் சரி, பாட்டுக்கு ஒத்துவரவில்லை. பெரிய பிள்ளைகளைப் பார்த்துத்தான் சின்னவர்கள் செய்கை பிடிக்கிறார்கள், தனியே விட்டால் சும்மா நின்றார்கள். ஞாயிறு பள்ளித் தேர்வுத்தாள் கேட்டவருக்கு: இது வேறு, இதில் தேர்வு இல்லை.

எதிர்பாராதது: நான்காம் நாள் ஏழு வயதுப் பையன், "முதல்ல காகத்தைத்தானே அனுப்பினாரு, அது எங்கே?" என்றான். ஆதியாகமம் 8:7, அவன் சொன்னது சரி. கறுப்புத்தாளில் 40 காகம் வெட்டினோம். ஒரு நாள் வராமல் அன்றைய பாகத்தைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.