கசங்கிய பில், கோணலான போட்டோ: இரண்டு விலை தெரியவில்லை, எப்படி எழுதுவது?

புதுசு_ஸ்டுட்கார்ட்
ஜெர்மனிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, மூன்று பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். கடைக்குப் போனவர் பில்லைப் பாக்கெட்டில் கசக்கி வைத்திருந்து, பக்கவாட்டில் சாய்த்து ஒரு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டு, பில்லைக் குப்பையில் எறிந்துவிட்டார். செலவைப் பிரிக்க ஒவ்வொரு பொருளாக எழுத வேண்டும். அந்தப் படத்தை இங்கே இணைத்திருக்கிறேன். பருப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டின் விலையிலும் நடு எண்ணை மடிப்பு தின்றுவிட்டது. அதோடு நான் எழுதிப் பார்த்தால் வாழைப்பழம் 3,49 என்று வருகிறது!

பச்சைமிளகாய்
கவலை வேண்டாம், பொருள் பிரிக்காமல் இருந்தால் பில் கசங்கியிருந்தாலும் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கேட்டுப் பாருங்கள்.

புதுசு_ஸ்டுட்கார்ட்
திருப்பிக் கொடுக்க இல்லைங்க, எழுதத்தான்.

கணக்கு_கார்த்தி
ரொம்ப சிம்பிள். மொத்தத்திலிருந்து தெரிந்ததை எல்லாம் கழி, மீதி 3,44 வரும். இரண்டாகப் பிரித்துப் போடு.

எஸன்_மாமா
தம்பி கார்த்தி, ஒரு விலை மட்டும் தெரியாவிட்டால் நீங்கள் சொன்னது சரி. இரண்டு என்றால் 1,99 உம் 1,45 உம் 3,44 தான், 1,89 உம் 1,55 உம் 3,44 தான். எதை எழுதுவது?

முதலில் வாழைப்பழம். எடை போட்ட பொருளுக்குப் பெயருக்குக் கீழே 0,842 kg x 1,29 என்று இன்னொரு லைன் இருக்கும், அதற்கு நேரே வலது பக்கம் விலை இராது. சாய்ந்த படத்தில் அங்கேதான் கண் ஒரு லைன் நழுவும். பெருக்கிப் பாருங்கள், 1,09 வரும். அதுதான் வாழைப்பழத்தின் விலை. நீங்கள் எழுதிய 3,49 அடுத்து வரும் அரிசியுடையது. போனில் படத்தின் நான்கு மூலையையும் இழுத்து நேராக்கலாம், ஆனால் மடிப்புக்கு மேலே ஒரு சரிவு, கீழே வேறொரு சரிவு. அதனால் மடிப்பிலேயே படத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே நேராக்குங்கள்.

அப்புறம் விலைக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும், அது எந்த டாக்ஸ் என்று சொல்லும். இந்தப் பில்லில் A என்றால் 19%, B என்றால் 7%. உணவுப் பொருள் பெரும்பாலும் 7இல் வரும், தண்ணீர்ப் போத்தலும் சோப்பும் 19. அரிசிக்கு நேரே A வந்தால் நீங்கள் நழுவிவிட்டீர்கள் என்று அர்த்தம். உங்கள் படத்தைப் பார்த்து நான் எழுதியது:

```
H-MILCH          2,30 B
  2 x 1,15
BANANEN          1,09 B
  0,842 kg x 1,29
BASMATIREIS      3,49 B
ROTE LINSEN      1,?9 B
MINERALWASSER    1,74 A
PFAND            1,50 A
SPÜLMITTEL       1,?5 A
LEERGUT         -2,25 A
SUMME           11,31
A 19%  2,05  0,39  2,44
B  7%  8,29  0,58  8,87
```

கடைசி இரண்டு லைனைத்தான் யாரும் பார்ப்பதில்லை. B மொத்தம் 8,87. அதில் பால், வாழைப்பழம், அரிசி சேர்ந்து 6,88 போனால் பருப்பு 1,99. A மொத்தம் 2,44. தண்ணீரும் போத்தல் டெபாசிட்டும் 3,24, அதில் திருப்பிக் கொடுத்த போத்தலுக்கான 2,25ஐக் கழித்தால் 0,99, ஆக லிக்விட் 1,45. அந்த மைனஸ் குறியை விட்டுவிட்டால் எல்லாமே பிசகும், மடிப்பில் முதலில் மறைவதும் அந்தச் சின்னக் கோடுதான்.

கணக்கு_கார்த்தி
சரி, ஒத்துக்கொள்கிறேன். A என்றால் எப்போதும் 19 தானே?

எஸன்_மாமா
இல்லை, கடைக்குக் கடை மாறும். சில கடையில் A தான் 7. கீழே எழுத்துக்குப் பக்கத்திலேயே சதவீதம் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரே எழுத்தில் இரண்டு விலை அழிந்திருந்தால் இந்த வழி உதவாது. அப்போது கேள்விக்குறியோடு விடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

ரயில்தோழி
என் கதையைக் கேளுங்கள். கசங்கிய பில்லை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன், மொத்தமும் கறுத்துவிட்டது! அது சூடு பட்டால் கறுக்கும் கடதாசியாம். இப்போதெல்லாம் புத்தகத்துக்குள் ஒரு இரவு வைத்துவிட்டு, ஜன்னலோரம் நேர் மேலிருந்து எடுக்கிறேன். இன்னொன்று, எக்செல் ஆங்கில அமைப்பில் இருந்தால் 2,30 என்று கமா போடாதீர்கள், புள்ளி வையுங்கள். என் கூட்டலே தப்பாக வந்தது.

புதுசு_ஸ்டுட்கார்ட்
எல்லாம் பொருந்திவிட்டது, மாமாவுக்கு நன்றி. ஆனால் இப்போது புதுச் சண்டை. அந்த 2,25 க்கான ஒன்பது போத்தலில் ஆறு என்னுடையவை என்கிறேன், கடைக்குப் போனவர் எல்லாமே தன்னுடையவை என்கிறார். பில்லில் அது எழுதியிருக்காதே?

எஸன்_மாமா
எழுதியிருக்காது. அதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைமிளகாய்
போத்தலையாவது திருப்பிக் கொடுத்தார்களே!